பதிவான உரைக்கு நன்றிக் கடிதம்: கேட்டவர்கள் கற்றதைப் பேச்சாளரிடம் சேர்ப்பது எப்படி?

"தங்கள் பொன்னான நேரத்தை ஒதுக்கி, மிகவும் பயனுள்ள உரையை வழங்கியமைக்கு மனமார்ந்த நன்றி." சிறப்புப் பேச்சாளர்களுக்குப் போகும் கடிதங்களில் பாதிக்கு மேல் இந்த ஒரே வாக்கியத்தில் ஆரம்பித்து அதிலேயே முடிந்துவிடுகின்றன. பெயரை மட்டும் மாற்றினால் வானியல் பேசியவருக்கும் வரி பேசியவருக்கும் அதையே அனுப்பலாம். மரியாதைக்குக் குறைவில்லை. ஆனால் பேச்சாளருக்குத் தெரிய வேண்டிய ஒன்று அதில் இல்லை: கேட்டவர்கள் தலையில் என்ன ஏறியது?

பதிவு செய்யப்பட்ட உரையென்றால் இந்தக் குறை இன்னும் பெரிது. அரங்கில் பேசுகிறவர் எதிரே இருக்கும் முகங்களைப் பார்த்தாவது ஊகித்துக்கொள்வார். பதிவைப் பின்னால் பார்த்தவர்கள் எங்கே நிறுத்தினார்கள், எங்கே தலையாட்டினார்கள், எதைத் தப்பாகப் புரிந்துகொண்டார்கள் என்று அவருக்குத் தெரிய வழியே இல்லை. அதே சமயம் நமக்கு ஒரு வசதி இருக்கிறது. அவர் சொன்னது சொல்லுக்குச் சொல் நம் கையில் இருப்பதால், கேட்டவர்கள் சொல்வதை அதோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். நல்ல கடிதத்துக்கான வேலை முக்கால்வாசி இந்த ஒப்பிடலில்தான் இருக்கிறது. எழுதுவது கடைசி அரைமணி நேரம்.

விளக்க வசதியாக ஒரு கற்பனை உரையை வைத்துக்கொள்வோம். பொதுச் சுகாதாரப் பேராசிரியர் ஒருவர், 1854இல் லண்டனில் பரவிய காலராவைப் பற்றியும், அதை மருத்துவர் ஜான் ஸ்னோ ஒரு தண்ணீர் பம்போடு இணைத்துக் காட்டியதைப் பற்றியும் ஒரு மாணவர் மன்றத்துக்கு இணையவழியில் பேசுகிறார். 48 நிமிடப் பதிவு. பலர் அதை மறுநாளும் அதற்குப் பிறகும்தான் பார்த்தார்கள். கடிதம் எழுதும் பொறுப்பு உங்களுடையது.

முதல் படி: பதிவைத் திறக்கும் முன் கேட்டவர்களிடம் கேளுங்கள்

பலரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். பதிவை ஓடவிட்டுக் குறிப்பெடுத்து, அதைச் சுருக்கி, மேலே "நாங்கள் கற்றவை" என்று தலைப்பு வைத்துவிடுகிறார்கள். அது நீங்கள் செய்த சுருக்கம். பேச்சாளர் தான் பேசியதையே திரும்பப் படிக்கிறார், அவ்வளவுதான். கற்றது என்ன என்று கற்றவர்தான் சொல்ல வேண்டும்.

இதற்காகப் பத்துக் கேள்விகளும் ஐந்து நட்சத்திரங்களும் கொண்ட படிவம் வேண்டாம். "உரை எப்படி இருந்தது?" என்று கேட்டால் "சூப்பர்" என்று வரும். இரண்டே கேள்விகள் போதும்:

"இந்த உரையைக் கேட்காத ஒரு நண்பரிடம் ஒரே ஒரு விஷயம் சொல்வதென்றால் எதைச் சொல்வீர்கள்? குறிப்பைப் பார்க்காமல் எழுதுங்கள்."

"அதைப் பற்றி முன்பு என்ன நினைத்திருந்தீர்கள்?"

இரண்டாவது கேள்விதான் பொக்கிஷம். முன்பு ஒன்றை நினைத்திருந்தார், இப்போது வேறொன்றை நினைக்கிறார் என்றால், அந்த இடைவெளியில்தான் உரை வேலை செய்திருக்கிறது. குறிப்பைப் பார்க்காமல் எழுதச் சொல்வதற்கும் காரணம் உண்டு. பார்த்து எழுதினால் கடைசிச் சிலைடில் இருந்த முடிவுரை அப்படியே வந்து விழும்.

நேரலையில் கேட்டவர்களிடம் ஓரிரு நாள் கழித்துக் கேளுங்கள். பதிவைப் பார்ப்பவர்களுக்கு, பதிவின் இணைப்பை அனுப்பும்போதே கேள்விகளையும் சேர்த்து அனுப்பிவிடுங்கள். தட்டச்சு செய்யச் சோம்பல்படுபவர்கள் வாட்ஸ்அப்பில் குரல் பதிவாக அனுப்பட்டும். பேச்சில் வரும் பதில்கள் பெரும்பாலும் எழுத்தைவிட உயிரோடு இருக்கும். பெயர் போடாமல் மேற்கோள் காட்டலாமா என்று அப்போதே ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

இரண்டாம் படி: பதிவோடு ஒப்பிடுங்கள்

நம் உதாரணத்தில் 19 பேர் பதில் அனுப்பினார்கள் என்று வைத்துக்கொள்வோம். படித்துப் பார்த்தால் அவை மூன்று குவியல்களாகப் பிரிகின்றன. வரைபடம் பற்றிப் பேசியவர்கள், நோய் வராதவர்களைப் பற்றிப் பேசியவர்கள், பம்பின் கைப்பிடியைப் பற்றிப் பேசியவர்கள்.

இப்போது பதிவைத் திறங்கள். முதல் முறை ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டு, அந்த மூன்று பேச்சும் எந்தெந்த நிமிடத்தில் வருகிறது என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அந்த இடங்களை மட்டும் இயல்பு வேகத்தில், முன்னும் பின்னும் ஒரு நிமிடம் சேர்த்துக் கேளுங்கள். குறிப்பு இந்த அளவுக்கு இருந்தால் போதும்:

16:10 – அதே தெருவிலிருந்த மதுபான ஆலைத் தொழிலாளர்கள் தப்பினார்கள். அவர்கள் பம்புத் தண்ணீர் குடிக்கவில்லை.
18:30 – தொலைவில் ஹாம்ப்ஸ்டெட்டில் வசித்த ஒரு பெண்மணி இறந்தார். ருசிக்காக இந்தப் பம்பிலிருந்தே தண்ணீர் வரவழைத்துக் குடித்தவர்.
22:40 – தண்ணீர் மீது சந்தேகம் முன்பே இருந்தது. வரைபடம் பின்னால் வந்தது.
35:05 – கைப்பிடி கழற்றப்பட்டது செப்டம்பர் 8. சாவுகள் அதற்கு முன்பே குறையத் தொடங்கிவிட்டன.
38:15 – முதலில் நோயுற்ற குழந்தையின் தந்தை. அவர் நோயுற்றதும் அதே நாளில்.

தானியங்கி வசனவரியை நம்பி இந்த வேலையைச் செய்யாதீர்கள். அயல்நாட்டுப் பெயர்களை அது சிதைப்பது கண்ணில் பட்டுவிடும், திருத்திவிடலாம். கண்ணில் படாதது எதிர்மறை. தமிழில் "இல்லை"யும் "முடியாது"வும் வாக்கியத்தின் கடைசியில் வருகின்றன. பேச்சாளர் வேகமாக அடுத்த வாக்கியத்துக்குத் தாவும்போது "நிரூபிக்கவில்லை" என்பதன் வால் விழுங்கப்பட்டு, வசனவரியில் "நிரூபிக்க" என்று மட்டும் நிற்கும். அதைப் படித்துவிட்டு "நிரூபித்தார் என்று சொன்னீர்கள்" என்று அவருக்கே எழுதினால், உரையைச் சரியாகக் கேட்கவில்லை என்று ஒரே வரியில் காட்டிக்கொடுத்துவிடுவோம். பெயர்களின் எழுத்துக்கூட்டலை அவருடைய சிலைடிலிருந்து எடுங்கள். ஆண்டு, தேதி, எண்களைக் காதால் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

மூன்றாம் படி: தவறாகப் புரிந்துகொண்டதை என்ன செய்வது?

இதுதான் இந்த வேலையில் சிக்கலான இடம். அதனால் கைப்பிடி விஷயத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம்.

பதில் அனுப்பியவர்களில் சிலர் இப்படி எழுதியிருக்கிறார்கள்: "பம்பின் கைப்பிடியைக் கழற்றியதும் காலரா நின்றுவிட்டது." இது பாடப்புத்தகக் கதை. பேச்சாளர் இப்படிச் சொல்லவே இல்லை. மக்கள் அந்தப் பகுதியைவிட்டு ஓடிக்கொண்டிருந்தார்கள், கைப்பிடியைக் கழற்றும்போதே சாவுகள் இறங்குமுகமாக இருந்தன என்றுதான் 35:05இல் சொல்கிறார். கேட்பவர் மனதில் முன்பே இருந்த கதை, காதில் விழுந்ததை மூடிவிட்டது.

வேறு சிலர் எதிர்க்கோடிக்குப் போயிருக்கிறார்கள்: "கைப்பிடியைக் கழற்றியதால் ஒரு பயனும் இல்லை என்று தெரிந்துகொண்டேன்." இவர்கள் 35:05 வரை கவனமாகக் கேட்டவர்கள். ஆனால் 38:15ஐத் தவறவிட்டிருக்கிறார்கள். அங்கே பேச்சாளர் இன்னொரு திருப்பத்தைச் சொல்கிறார். ஸ்னோவின் கருத்தை முதலில் ஏற்காத ஹென்றி வைட்ஹெட் என்ற பாதிரியார், பின்னால் வீடு வீடாக விசாரித்து, முதலில் நோயுற்ற கைக்குழந்தையைக் கண்டுபிடித்தார். குழந்தையின் துணிகளை அலசிய நீர், பம்பின் கிணற்றை ஒட்டியிருந்த கழிவுக்குழியில் ஊற்றப்பட்டது. குழந்தையின் தந்தையும் செப்டம்பர் 8ஆம் தேதிதான் நோயுற்றார். ஆக, அன்றே கைப்பிடி கழற்றப்படாமல் இருந்திருந்தால் அதே கிணறு வழியாக இரண்டாவது அலை வந்திருக்கலாம்.

இந்த இரண்டு குழுவின் பதில்களையும் கடிதத்தில் என்ன செய்வது? மூன்று வழிகள் தோன்றும். அவற்றில் இரண்டு கூடாது.

ஒன்று, அவர்கள் எழுதியதை அப்படியே சேர்ப்பது. தான் மெனக்கெட்டு உடைத்த கட்டுக்கதையை "உங்களிடம் கற்றோம்" என்று திருப்பிக் கொடுத்தால் பேச்சாளர் நொந்துபோவார். இரண்டு, சத்தமில்லாமல் திருத்தி, 38:15இல் வருவதை எல்லோரும் கற்றதாக எழுதுவது. இது பொய். பார்வைக்கு அழகான பொய் என்பதால் இதில்தான் பலர் விழுகிறார்கள். அதைப் படிக்கும் பேச்சாளர், அந்தப் பகுதி நன்றாகப் போய்ச் சேர்ந்தது என்று நம்பி அடுத்த இடத்திலும் அதே வேகத்தில் சொல்லிவிட்டுப் போவார்.

சரியான வழி மூன்றாவது. முதலில் கேட்டவர்களிடம் திரும்பிப் போங்கள். "35:05லிருந்து நான்கு நிமிடம் மட்டும் இன்னொரு முறை பாருங்கள்" என்று ஒரு செய்தி போடுங்கள். பார்த்துவிட்டு மறுபடி எழுதுகிறவர்கள் சிலராவது இருப்பார்கள். அதற்குப் பிறகு கடிதத்தில் நடந்ததை நடந்தபடி எழுதலாம்: இந்த இடத்தில் எங்களுக்குள் இரண்டு கருத்து இருந்தது, திரும்பப் பார்த்த பிறகு தெளிவானது. இதில் யாருக்கும் அவமானம் இல்லை. பேச்சாளருக்கோ, எந்த இடத்தில் கேட்பவர் வழுக்குகிறார் என்ற தகவல் கிடைக்கிறது. பாராட்டைவிட அவர் அதிகம் மதிப்பது அதைத்தான் என்பது என் கணிப்பு.

ஒரு எச்சரிக்கை. "இதை நீங்கள் இன்னும் தெளிவாகச் சொல்லியிருக்கலாம்" என்ற தொனி எட்டிப் பார்க்கக் கூடாது. யார் எதை எப்படிப் புரிந்துகொண்டார்கள் என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: மூன்றுக்கு மேல் எடுக்காதீர்கள்

48 நிமிட உரையில் கற்றவை நிறைய இருக்கும். கடிதத்தில் இரண்டு அல்லது மூன்று போதும். ஏழெட்டு வந்துவிட்டால் அது நிகழ்ச்சி அறிக்கையாகிவிடும். அறிக்கை தேவையென்றால் மன்றத்துக்குத் தனியாக எழுதிக்கொள்ளுங்கள்.

தேர்ந்தெடுக்கும்போது, முன்பிருந்த கருத்து மாறிய ஒன்று கட்டாயம் இருக்கட்டும். யாராவது கற்றதை வைத்து ஏதாவது செய்திருந்தால் அதற்கு அடுத்த இடம். நம் உதாரணத்தில், ஆய்வுத்திட்டம் செய்யும் ஒரு மாணவர், நோயுற்றவர்களிடம் மட்டும் கேட்கவிருந்த தன் கேள்விப்படிவத்தை நோய் வராதவர்களிடமும் கேட்பதாக மாற்றியிருக்கிறார். மதுபான ஆலைக் கதை அவருக்கு அப்படிப் பயன்பட்டிருக்கிறது. இப்படி ஒரு தகவல் கிடைத்தால் விடாதீர்கள். கிடைக்கவில்லையென்றால் இட்டுக்கட்டவும் வேண்டாம்.

ஐந்தாம் படி: எழுதுவது

வாக்கியத்தின் எழுவாயைக் கவனியுங்கள். "நீங்கள் வரைபடத்தின் முக்கியத்துவத்தை விளக்கினீர்கள்" என்பதில் எழுவாய் பேச்சாளர். அவர் என்ன செய்தார் என்று அவருக்கே சொல்கிறோம். "வரைபடத்தைப் பார்த்துத்தான் ஸ்னோ பம்பைச் சந்தேகித்தார் என்று நாங்கள் நினைத்திருந்தோம்" என்பதில் எழுவாய் கேட்டவர்கள். கடிதத்தின் நடுப்பகுதி முழுக்க இந்த இரண்டாவது வகை வாக்கியங்களாக இருந்தால், "பயனுள்ள", "சிறப்பான", "அருமையான" எல்லாம் தானாகவே உதிர்ந்துவிடும்.

விளிப்பில் ரொம்பக் குழம்ப வேண்டாம். உரையின்போது அவரை எப்படி அழைத்தீர்களோ அப்படியே எழுதுங்கள். அன்று "மேடம்" என்றவரைக் கடிதத்தில் "அம்மையீர்" ஆக்கினால் யாரோ எழுதிக் கொடுத்தது போல இருக்கும். "தாங்கள்" என்று ஆரம்பித்தால் கடைசிவரை தாங்கள், "நீங்கள்" என்றால் நீங்கள். இரண்டும் கலந்திருந்தால், ஒரு பகுதி எங்கிருந்தோ வெட்டி ஒட்டியது என்று உடனே தெரியும்.

முழுக் கடிதம் இப்படி வரலாம்:

> மதிப்பிற்குரிய பேராசிரியர் ______ அவர்களுக்கு,
>
> வணக்கம் மேடம். சென்ற வியாழக்கிழமை எங்கள் மன்றத்தில் 1854 லண்டன் காலராவைப் பற்றி நீங்கள் ஆற்றிய உரைக்கு எங்கள் எல்லோருடைய நன்றி. நேரலையில் கேட்டவர்களும் பதிவைப் பின்னர் பார்த்தவர்களுமாக 19 பேர், தங்கள் மனதில் நின்றதை எழுதி அனுப்பினார்கள். அதிலிருந்து மூன்றை மட்டும் பகிர்கிறேன்.
>
> ஜான் ஸ்னோ வரைபடம் வரைந்து பார்த்த பிறகுதான் பம்பைச் சந்தேகித்தார் என்று எங்களில் பலர் நினைத்திருந்தோம். சந்தேகம் முன்பே இருந்தது, வரைபடம் மற்றவர்களுக்குக் காட்டுவதற்காகப் பின்னால் வந்தது என்று தெரிந்ததும் கதையே மாறிவிட்டது. "படம் முதலில், யோசனை பிறகு என்று இருந்தேன். அது தலைகீழ்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார்.
>
> மதுபான ஆலைத் தொழிலாளர்களும் ஹாம்ப்ஸ்டெட் பெண்மணியும் பலருக்கு நினைவில் நிற்கிறார்கள். பக்கத்தில் இருந்தும் தப்பியவர்கள், தூரத்தில் இருந்தும் இறந்தவர் என்ற இந்த இரண்டும்தான் தண்ணீரை நோக்கி விரல் நீட்டின என்பது எங்களுக்குப் புதிது. எங்கள் மாணவர் ஒருவர் இதைக் கேட்ட பிறகு, தன் ஆய்வுக்கான கேள்விப்படிவத்தை நோய் வராதவர்களிடமும் கேட்பதாக மாற்றி அமைத்திருக்கிறார்.
>
> பம்பின் கைப்பிடி விஷயத்தில் எங்களுக்குள் இரண்டு கட்சி இருந்தது. கழற்றியதும் நோய் நின்றது என்றார்கள் சிலர். கழற்றியதால் பயனே இல்லை என்றார்கள் சிலர். பதிவில் 35:05 முதல் மறுபடி பார்த்த பிறகுதான், குழந்தையின் தந்தை நோயுற்றதும் அதே நாள் என்பதன் கனம் புரிந்தது. முதல் முறை கேட்டபோது அந்த இடம் பலரைத் தாண்டிப் போயிருந்தது.
>
> நீங்கள் அனுமதித்தபடி, பதிவு மன்ற உறுப்பினர்கள் மட்டும் பார்க்கும்படி வைக்கப்பட்டிருக்கிறது. உங்கள் பிரதிக்கான இணைப்பைக் கீழே தந்திருக்கிறேன்.
>
> மிக்க நன்றியுடன்,
> ______
> மன்றச் செயலாளர்

இதில் கவனிக்க வேண்டியது சில உண்டு. 19 என்பது பதில் எழுதியவர்களின் எண்ணிக்கை. பதிவுக்குக் கீழே தெரியும் பார்வை எண்ணிக்கையை இங்கே போடாதீர்கள். பத்து நொடி பார்த்துவிட்டு மூடியவரும் சேர்ந்ததாக அது இருக்கலாம், ஒரே ஆள் நான்கு முறை திறந்ததும் சேர்ந்திருக்கலாம். நிமிடக் குறிப்பு ஒரே ஓர் இடத்தில்தான் வருகிறது, அதுவும் பேச்சாளர் போய்ப் பார்க்க விரும்பக்கூடிய இடத்தில். எல்லாப் பத்தியிலும் போட்டால் கடிதம் வழக்குக் கட்டு போல ஆகிவிடும். மேற்கோளும் ஒன்றுதான். அது மாணவர் எழுதிய சொற்களில் அப்படியே இருக்கிறது.

கைப்பிடி பற்றிய பத்தியின் கடைசி வாக்கியத்தை எடுத்துவிடலாமா என்று தயக்கம் வரும். உங்களுக்கும் பேச்சாளருக்கும் அதிகப் பழக்கமில்லை, அவர் மிகவும் மூத்தவர் என்றால் எடுத்துவிடுங்கள். அதற்கு முந்தைய வாக்கியமே போதுமான அளவு சொல்லிவிடுகிறது.

பதிவு பற்றிய பத்தி

பதிவு எங்கே இருக்கிறது, யார் பார்க்கலாம் என்று இரண்டு வாக்கியத்தில் சொன்னால் போதும். ஆனால் அனுமதியைக் கடிதத்தில் கேட்காதீர்கள். நன்றி சொல்லும் அதே மூச்சில் "பொதுவெளியில் போடலாமா?" என்று கேட்டால் மறுக்க நினைப்பவர் சங்கடப்படுவார். அனுமதி உரைக்கு முன்பே வாங்கியிருக்க வேண்டியது. வாங்கவில்லையென்றால் தனி மின்னஞ்சலில் கேட்டு, பதில் வந்த பிறகு நன்றிக் கடிதத்தை அனுப்புங்கள். அடுத்த உரைக்கு அழைப்பது, சிலைடுகளைக் கேட்பது, சான்றிதழில் கையெழுத்து கேட்பது எல்லாவற்றுக்கும் இதே விதிதான். அப்புறம், அந்த இணைப்பை வேறொரு கணக்கிலிருந்து திறந்து பாருங்கள். "அணுகல் இல்லை" என்று வரும் இணைப்பைப் பேச்சாளருக்கே அனுப்புவது அடிக்கடி நடக்கிறது.

அனுப்பும் நேரம்

உரை முடிந்த அன்றே இரண்டு வரிக் குறுஞ்செய்தியில் நன்றி சொல்லிவிடுங்கள். "விரிவாகப் பிறகு எழுதுகிறேன்" என்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். கற்றதைச் சொல்லும் கடிதத்துக்கு அது அவகாசம் தரும். ஒரு வாரத்துக்குள் அனுப்பிவிடுவது நல்லது. எல்லோரும் பதிவைப் பார்த்து முடிக்கட்டும் என்று காத்திருந்தால் மாதம் ஓடிவிடும். வந்த பதில்களை வைத்து எழுதிவிடுங்கள். தாமதமாக நல்ல பதில் வந்தால் அதை மட்டும் பிறகு அனுப்பலாம்.

கடிதத்தை மின்னஞ்சலின் உடலிலேயே எழுதுங்கள். இணைப்புக் கோப்பாக வைத்தால் கைபேசியில் பலர் திறப்பதில்லை. பேச்சாளர் ஒரு நிறுவனத்தின் சார்பில் வந்தவர் என்றால் மேலதிகாரிக்கு நகல் வைக்கலாமா என்று அவரிடமே கேளுங்கள். சிலருக்கு அது உதவும், சிலருக்குப் பிடிக்காது.

அனுப்பும் முன் கடிதத்தை மேற்கோளுக்கு உரியவரிடமும் கேள்விப்படிவம் மாற்றியவரிடமும் ஒருமுறை காட்டிவிடுங்கள். தன்னைப் பற்றி எழுதியது சரிதானா என்று அவர்கள்தான் சொல்ல முடியும். பேச்சாளரிடமிருந்து பதில் வந்தால் அதை உங்கள் பெட்டியிலேயே வைத்துக்கொள்ளாமல் அந்த இருவருக்கும் மன்றக் குழுவுக்கும் அனுப்பிவையுங்கள். கைப்பிடி பற்றி அவர் இன்னும் இரண்டு வரி விளக்கம் எழுதியிருந்தால், பதிவின் கீழே 38:15 என்று குறித்து அதையும் சேர்த்துவிடலாம். அதற்கும் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு.